கேமராவுக்குள் எவ்வளவு ஒளி நுழைகிறது?

கைபேசியோ தொடக்கநிலை கேமராவோ வாங்கச் செல்பவரிடம் கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல் எண். சற்று விவரமறிந்தவர் அடுத்ததாகச் சென்சாரின் அளவைக் கேட்பார். அந்தக் கேள்வி சரியானதே. ஆனால் சென்சார் ஒளியைப் பெறும் பரப்பு மட்டுமே. எவ்வளவு ஒளி அதை வந்தடைகிறது என்பதை முடிவு செய்வது லென்ஸின் துளை. லென்ஸின் குவியத்தூரத்தை அதன் f எண்ணால் வகுத்தால் அந்தத் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். இரண்டு எண்களுமே எடுத்த படத்தின் விவரப் பகுதியில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

ஐபோன் 14 ப்ரோவின் முதன்மைக் கேமராவில் அவை 6.86 மி.மீ., f/1.78 ஆகும், எனவே துளையின் விட்டம் ஏறத்தாழ 3.9 மி.மீ. தொடக்கநிலை நிக்கான், சோனி கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ. அளவுடையது, பரப்பில் அந்தக் கைபேசிச் சென்சாரைப் போல ஐந்து மடங்கு இருக்கும். ஆயினும், இத்தகைய கேமராவுடன் வழக்கமாகத் தரப்படும் 18–55 லென்ஸை அகலக் கோணத்தில், அதாவது 18 மி.மீ., f/3.5 நிலையில் பயன்படுத்தினால், துளையின் விட்டம் 5.1 மி.மீ. மட்டுமே. ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது என்பதால், ஐந்து மடங்கு பெரிய சென்சாருக்குக் கைபேசியைவிட இரண்டு மடங்குக்கும் குறைவான ஒளியே கிடைக்கிறது. கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைத்துவிடுவதால் அந்தச் சிறிய வேறுபாடும் மறைந்துபோகிறது. புதிய கேமரா வாங்கியவர்கள் வீட்டுக்குள் எடுத்த முதல் படங்களைப் பார்த்து ஏமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தொலைவில் இருப்பதை மங்கலான ஒளியில் எடுக்க வேண்டியிருக்கும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. ஓர் அரங்கில் பத்து மீட்டர் தொலைவில் அமர்ந்து பரதநாட்டியத்தைப் படமெடுப்பதாகக் கொள்வோம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ., f/1.8 லென்ஸைப் பொருத்தினால், படத்தின் உயரத்தில் மேடையின் சுமார் மூன்று மீட்டர் அடங்கும். ஆடுபவரின் முழு உருவமும் அதில் பாதிக்கு நிறையும். கைபேசியின் முதன்மைக் கேமராவில் அதே காட்சியைப் பெற, படத்தின் நடுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். கைபேசியில் பெரிய சென்சார் என்று விலைகொடுத்து வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் படத்துக்குப் பயன்படவே இல்லை. துளைகளை ஒப்பிட்டாலும் இதே விடைதான் வரும்: 28 மி.மீ. எதிர் 3.9 மி.மீ., அதாவது ஒளியில் ஏறத்தாழ 50 மடங்கு வேறுபாடு.

தொலைவில் இருப்பதை எடுப்பதற்கென்றே கைபேசியில் தனி லென்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இதே கைபேசியில் அது 9 மி.மீ., f/2.8, துளை 3.2 மி.மீ. மட்டுமே, முதன்மை லென்ஸைவிடவும் சிறியது. அதனால்தான் ஒளி குறையும்போது பல கைபேசிகள் அந்த லென்ஸை ஒதுக்கிவிட்டு, முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. 3x தேர்ந்தெடுத்தபின் அந்தத் தொலை லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளவில்லை என்றால் அது பயன்பாட்டில் இல்லை என்று பொருள்.

பல படங்களை இணைக்கும் உத்தியும் இங்கே கைகொடுக்காது. வேகமாக அசையும் கைகளும் கால்களும் துலங்க, ஒளிபடும் நேரம் விநாடியில் 250இல் ஒரு பங்கு அளவுக்குக் குறுக வேண்டும். கைபேசி ஒளியை ஈட்ட நேரத்தை நீட்டும்போது, முகம் தெளிவாக இருக்க விரல்கள் மட்டும் கலைந்துபோகும். விவரப் பகுதியில் 1/30 போன்ற எண் இருந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

பெரிய துளைக்கும் ஒரு விலை உண்டு. அதே 50 மி.மீ. லென்ஸை f/1.8இல் வைத்து இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவர்களை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 12 செ.மீ. மட்டுமே, முன்வரிசைக்குக் குவித்தால் பின்வரிசை மங்கிவிடும். குழுப்படத்துக்குத் துளையைச் சுருக்கியே ஆக வேண்டும், அப்போது ஒளியின் ஆதாயமும் சுருங்கும்.

லென்ஸின் தரத்தை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு செய்தித்தாளின் பக்கத்தைச் சுவரில் சமமாக ஒட்டி, அதற்கு நேர் எதிரே நின்று, சட்டம் முழுவதும் நிறையும்படி படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்துகளைப் படித்துப் பார்க்கலாம். நான்கு மூலைகளும் சற்று மங்கியிருப்பது மலிவான லென்ஸ்களின் இயல்பு. துளையை f/8க்குச் சுருக்கினால் பெரும்பாலும் சீராகும். நேராக நின்று மீண்டும் எடுத்தும் ஒரே மூலை மட்டும் மங்கியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது. அந்த லென்ஸை மாற்றிக் கேட்பதே சரி.

பகல் வெளிச்சத்தில் பயணப்படங்களும் வீட்டுப் படங்களும் மட்டுமே எடுப்பவர் ஏற்கெனவே நல்ல கைபேசி வைத்திருந்தால், 18–55 லென்ஸோடு வரும் கேமராவுக்குச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடை, விளையாட்டு, ஓடியாடும் குழந்தைகள் என்று விரும்புபவர், கேமராவின் உடற்பகுதியைப் பழைய மாதிரியாகவோ ஏற்கெனவே பயன்படுத்தியதாகவோ வாங்கி, மிச்சமாகும் பணத்தில் 50 மி.மீ., f/1.8 லென்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.