20க்கு 10 நீச்சல் குளம்: கான்கிரீட்டுக்கு எந்த அளவு, டைல்ஸுக்கு எந்த அளவு?

வீட்டில் நீச்சல் குளம் கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் அளவை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். "20க்கு 10 சார், அஞ்சடி ஆழம், சுவர் 8 இஞ்ச்." இந்த நாலு எண்ணை வைத்துக்கொண்டு அன்று மாலையே கான்கிரீட் எவ்வளவு, கம்பி எவ்வளவு, டைல்ஸ் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுகிறார்கள். 20க்கு 10 என்பது உள் அளவா, வெளி அளவா, பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு வரும் அளவா என்று யாரும் கேட்பதில்லை. வாட்டர் டேங்க் மாதிரி சின்ன வேலையில் இது பெரிதாகத் தெரியாது. குளத்தில் தெரியும்.

ஒரு குளத்தை முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டரில் எடுத்துக்கொள்கிறேன், ரெடிமிக்ஸ் கன மீட்டரில்தான் வருகிறது. சுவருக்குச் சுவர் கான்கிரீட் உள் அளவு 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். தரைக்கு மேல் சுவர் உயரம் 1.5 மீட்டர். சுவரும், அடியில் தரையாக நிற்கும் கான்கிரீட் தளமான ராஃப்ட்டும் 200 மில்லிமீட்டர் கனம். ராஃப்ட் சுவரின் வெளி முகத்தோடு முடிகிறது.

சுவர் ராஃப்ட்டின் மேல்தான் உட்காருகிறது. அதனால் ராஃப்ட்டுக்கு வெளி அளவு: 6.4 x 3.4 x 0.2, அதாவது 4.35 கன மீட்டர். சுவருக்கு நடுக்கோட்டு அளவு எடுக்க வேண்டும். 6.2ம் 3.2ம் கூட்டி இரண்டால் பெருக்கினால் 18.8 மீட்டர் சுற்று. அதை 0.2, 1.5 இரண்டாலும் பெருக்கினால் 5.64. மொத்தம் 10 கன மீட்டர். அடியில் கம்பியில்லாமல் போடும் 10 சென்டிமீட்டர் கான்கிரீட், அதாவது பிசிசி, தனி. நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் நீட்டிப் போட்டால் அது 2.4 கன மீட்டர்.

இதையே உள் அளவில் போட்டுப் பாருங்கள். தரை 3.6, சுவர் 5.4, மொத்தம் 9. காகிதத்தில் ஒரு கன மீட்டர் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அதில் முக்கால் பங்கு ராஃப்ட்டில் விழுகிறது, அங்கேதான் ஆபத்து.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வார இறுதி வீட்டில் இப்படி ஒரு ராஃப்ட்டைப் பார்க்க நேர்ந்தது. லாரியில் வந்த கான்கிரீட் தீர்ந்தபோது ஒரு முனையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வெறும் கம்பியாக நின்றது. அடுத்த லாரி வந்து சேர்வதற்குள் முதலில் போட்டதன் விளிம்பு இறுகிவிட்டது. அதன் மேலேயே புதுசைக் கொட்டி, மட்டப்பலகை இழுத்து முடித்துவிட்டார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சுவர் முடிந்து தண்ணீர் நிரப்பியபோது மட்டம் நாளுக்கு நாள் இறங்கியது. காலி செய்ததும் தரை முழுக்கக் காய்ந்துவிட்டது, முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி குறுக்கே ஒரு கோடு மட்டும் ஈரமாக, கருப்பாக நின்றது. அந்தக் கோட்டை வெட்டித் திறந்து பாலியூரிதேன் ஊசி போட்டு அடைக்க ஆன செலவு, விட்டுப்போன கான்கிரீட்டின் விலையைப் போலப் பல மடங்கு. நல்லவேளையாக டைல்ஸ் ஒட்டும் முன்பே நிரப்பிப் பார்த்தார்கள்.

இதைத் தவிர்க்க நான் ஆர்டரை இரண்டாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்வேன். ராஃப்ட்டோடு சேர்த்து சுவரின் முதல் 15 சென்டிமீட்டரையும் ஒரே தடவையில் போட வேண்டும். இணைப்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பட்டையான வாட்டர் ஸ்டாப் அந்தக் குட்டைச் சுவரில்தான் பாதி புதைந்து நிற்கும். இதற்கு 4.9 கன மீட்டர். மீதிச் சுவருக்கு 5.1. இதோடு பம்ப் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 இஞ்ச் குழாய் 40 மீட்டர் ஓடினால் அதற்குள்ளேயே அரை கன மீட்டர் நிற்கும், கடைசியில் அது முழுதும் உங்கள் கைக்கு வரும் என்று நம்பக் கூடாது. ஆகவே ராஃப்ட்டுக்கு ஐந்தரை, சுவருக்கு 6 என்று சொல்லிவிடுவது நல்லது. இரண்டுமே தனித்தனியாக ஒரு 6 கன மீட்டர் லாரியில் அடங்கிவிடும். கலவை எம்30க்குக் குறையக் கூடாது. தண்ணீர் தாங்கும் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 3370 கேட்பதும் அதுதான். இடத்தில் வந்து லாரிக்குள் குழாய்த் தண்ணீர் விட்டு இளக்குவதை யார் செய்தாலும் நிறுத்துங்கள்.

"8 இஞ்ச் எதுக்கு சார், 6 இஞ்ச் போதுமே" என்று கேட்பவர்கள் நிறைய. சுவரையும் ராஃப்ட்டையும் 150 ஆக்கினால் 10 கன மீட்டர் 7.3 ஆகக் குறைகிறது, உண்மைதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் இடத்தைக் கூட்டிப் பாருங்கள். கம்பியை வெளியே தெரியாமல் மூடும் கான்கிரீட், அதாவது கவர், இரு முகத்திலும் 45 மில்லிமீட்டர், அதுவே 90 ஆகிவிட்டது. இரு முகத்திலும் நின்ற கம்பியும் படுத்த கம்பியும் 10 மில்லிமீட்டர், அது 40. 150இல் மிஞ்சுவது 20 மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் ஜல்லியே அதில் சிக்கிக்கொள்ளும், 40 மில்லிமீட்டர் வைப்ரேட்டர் ஊசி இறங்கவே இறங்காது. சென்டரிங் பிரித்தால் சுவரின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரிவது இதனால்தான். 200இல் 70 மில்லிமீட்டர் கிடைக்கிறது, ஊசி அடி வரை போகும்.

எடையும் இருக்கிறது. 10 கன மீட்டர் கம்பிக் கான்கிரீட் சுமார் 25 டன். குளத்தின் வெளிப் பரப்பு 21.76 சதுர மீட்டர். இரண்டையும் வகுத்தால் 1.15. நிலத்தடி நீர் ராஃப்ட்டின் அடியிலிருந்து 1.15 மீட்டர் ஏறிவிட்டால் காலிக் குளம் மிதக்கத் தயாராகிவிடும் என்று பொருள். 150 சுவருக்கு இந்தக் கணக்கு 90 சென்டிமீட்டருக்கும் கீழே வருகிறது. கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வருவது சாதாரணம். அங்கே மழைக் காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது. ராஃப்ட்டைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டிப் போட்டால் அதன் மேல் உட்காரும் மண்ணும் குளத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீட்டலுக்கான கான்கிரீட்டும் கம்பியும் மேலே சொன்ன கணக்கில் இல்லை.

கம்பிக்கு வருவோம். வீட்டுக் கூரைக்குக் கன மீட்டருக்கு 80 கிலோ என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதைக் குளத்துக்கு வைத்தால் 800 கிலோ வரும், பாதி வேலையில் கம்பி தீரும். இங்கே தரையிலும் சுவரிலும் இரண்டு வலை, இரு முகத்திலும் கம்பி. 10 மில்லிமீட்டர் கம்பி 15 சென்டிமீட்டர் இடைவெளியில் என்று வடிவமைப்பில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மண்ணுக்கு ஏற்ப அதை முடிவு செய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்.

தரையில் ஒரு வலைக்கு நீளவாக்கில் 23 கம்பி, குறுக்கே 43. முனை மடிப்போடு ஒவ்வொன்றும் 6.5 மீட்டர், 3.5 மீட்டர். இரண்டு வலைக்கும் சேர்த்து 600 மீட்டர். சுவரில் நிற்கும் கம்பி ராஃப்ட்டுக்குள் இறங்கி அரை மீட்டர் கால் மடங்க வேண்டும், ஆக ஒன்று 2.1 மீட்டர். இரு முகத்துக்கும் 251 கம்பி, 527 மீட்டர். படுத்த கம்பி ஒரு முகத்துக்கு 11 வரிசை, இரு முகத்துக்கும் 414 மீட்டர்.

எஸ்டிமேட்டில் விட்டுப்போவது மூலைதான். உள் முகக் கம்பியை மூலையில் அப்படியே திருப்பக் கூடாது. தண்ணீர் தள்ளும்போது அந்த மடிப்பு நிமிரப் பார்க்கும், உள் மூலையில் கான்கிரீட் பிளக்கும். ஒவ்வொரு கம்பியும் மூலையில் வந்து சேரும் அடுத்த சுவரின் வெளி முகம் வரை போய், அங்கே மடங்கி அரை மீட்டர் ஓட வேண்டும். நாலு மூலைக்கும் 11 வரிசைக்கும் ஓவர்லேப்போடு இது 75 மீட்டர். கம்பி கட்டுகிறவரிடம் முதல் மூலையை மட்டும் நின்று கட்டவைத்துவிட்டால் போதும், மற்றதை அவரே சரியாகச் செய்துவிடுவார்.

எல்லாம் கூட்டினால் 1616 மீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வரும், 10 மில்லிமீட்டருக்கு 0.617. ஆக 997 கிலோ, அதாவது கன மீட்டருக்கு 100 கிலோ. வலைகளைத் தாங்கும் சேர் கம்பிக்கும் வெட்டுச் சேதத்துக்கும் 5 சதவீதம் சேர்த்து 1050 கிலோ வாங்கலாம். வெட்டும்போது 12 மீட்டர் கம்பியில் ஒரு 3.5ம் நாலு 2.1ம் எடுத்தால் 10 சென்டிமீட்டர்தான் வீண். 6.5 வெட்டிய மிச்சத்தில் ஒரு 3.5 போக, பாக்கி 2 மீட்டரை மூலைக் கம்பிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டைல்ஸில் கணக்கு தலைகீழாக நடக்கிறது. "200 சதுர அடிக் குளம், 200 சதுர அடி டைல்ஸ்" என்று வாங்கி வந்து நிற்பவர்கள் ஒரு பக்கம். கான்கிரீட்டுக்குப் போட்ட வெளி அளவிலேயே டைல்ஸும் போட்டு, தேவைக்கு மேல் 80 சதுர அடிக்கு மேலாக வாங்குபவர்கள் இன்னொரு பக்கம். டைல்ஸ் ஒட்டுவது உள் முகத்தில், அதுவும் பூச்சின் மேல். பூச்சு 20, பசையும் டைல்ஸும் 10 என்று ஒரு பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் போனால் குளம் 5.94 x 2.94. தரை 17.5 சதுர மீட்டர். தரை மட்டப்பூச்சு 5 சென்டிமீட்டர் போக சுவர் உயரம் 1.45, சுவர்ப் பரப்பு 25.7. சின்னக் குளத்தில் தரையை விடச் சுவர்தான் அதிகம். மொத்தம் 43.2 சதுர மீட்டர், 465 சதுர அடி. 30 சென்டிமீட்டர் சதுர மொசைக் ஷீட்டில் 480, சேதத்துக்கு 7 சதவீதம் கூட்டி 514 ஷீட். கரையில் வரும் கோப்பிங் கல் இதில் சேராது. தரை சரிவாக இருந்தால் சுவர் உயரத்துக்கு இரு முனைகளின் சராசரியைப் போடுங்கள். 6 மீட்டரில் 60 சென்டிமீட்டர் இறங்கும் சரிவில் தரை நீளம் 3 சென்டிமீட்டர்தான் கூடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் இந்த எண்ணைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் சென்டரிங் பிரித்து, குளத்தை நிரப்பி ஒழுக்குப் பார்த்து, பூச்சு முடிந்த பிறகு டேப் பிடித்து நாலு சுவரையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒழுக்குப் பார்க்கும்போது ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில், வாளி பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளியில் இறங்குவது வெயிலில் ஆவியானது, குளத்தில் அதைவிட அதிகமாக இறங்கினால் அந்த அதிகம்தான் ஒழுக்கு. அளந்த பிறகு எல்லா ஷீட்டையும் ஒரே பேட்ச்சில் வாங்குங்கள், ஒரு பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து நாலு சில்லு விழுந்தால் அதே நீலம் கடையில் கிடைக்காது.