“ஏப்ரல் 1 முதல் அமல்” என்றால் எதற்கு ஏப்ரல் 1?

ஊழியர்கள் சொந்தப் பணத்தில் செய்யும் அலுவலகச் செலவைத் திருப்பித் தருவதில் புது விதி வரும்போதெல்லாம், கணக்குப் பிரிவின் சுற்றறிக்கையில் ஏறக்குறைய இதே வரிகள் இருக்கும்: “செலவு செய்த 30 நாட்களுக்குள் பில்களைச் சமர்ப்பிக்க வேண்டும். இந்த விதி ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிறது.” படித்தால் தெளிவாகத்தான் தோன்றும். அதில் உள்ள ஓட்டை, செலவுக் கணக்குகளைச் சரிபார்க்க உட்காரும் எங்களைப் போன்றவர்களுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் தெரியவரும்.

ஓர் ஊழியர் மார்ச் 28 அன்று அலுவலக வேலையாக வெளியூர் கிளம்புகிறார். ஏப்ரல் 4 அன்று திரும்புகிறார். டிக்கெட்டை மார்ச் 1 அன்றே தன் பணத்தில் வாங்கிவிட்டார். விடுதி பில் அறையைக் காலி செய்த ஏப்ரல் 4 தேதியில் இருக்கிறது. சாப்பாடு, டாக்சி பில்களில் பாதி மார்ச், பாதி ஏப்ரல். எல்லாவற்றையும் சேர்த்து ஏப்ரல் 10 அன்று சமர்ப்பிக்கிறார். பயணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; இதைவிடப் பொறுப்பாக யாரும் கணக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் மார்ச் 1 அன்று வாங்கிய டிக்கெட்டுக்கு 30 நாள் கெடு மார்ச் 31 அன்றே முடிந்துவிட்டது. அதாவது, விதி பிறப்பதற்கு முந்தைய நாளே அந்த விதியின் கெடு கடந்துபோயிருக்கிறது. கணினியில் புது விதியை ஏற்றிவைத்திருந்தால் அது டிக்கெட்டை மட்டும் “காலக்கெடு கடந்தது” என்று திருப்பி அனுப்பும். விடுதி பில்லை ஏற்றுக்கொள்ளும். ஒரே பயணத்தில் பாதிக்குப் பணம் வரும், பாதிக்கு வராது. ஊழியர் கோபப்படுவார், அதில் நியாயம் இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், “ஏப்ரல் 1 முதல்” என்ற சொற்கள் எந்தத் தேதியைப் பிடித்துக்கொள்கின்றன என்று சுற்றறிக்கை சொல்லாததுதான். பணம் கொடுத்த தேதியா, பயணம் முடிந்த தேதியா, கணக்கைச் சமர்ப்பித்த தேதியா? பெரும்பாலும் ஊழியர் முதலாவதை நினைத்துக்கொள்வார். மென்பொருளை அமைப்பவர், அதில் எளிதாக இருப்பது என்பதால், மூன்றாவதை எடுத்துக்கொள்வார். மூன்றில் மோசமானதும் அதுதான். பழைய விதியை நம்பிச் செலவு செய்தவரைப் புது விதியால் அளக்கிறது அது.

என் அனுபவத்தில் சண்டை குறைவாக வருவது இப்படி வகுக்கும்போதுதான். பயணம் அல்லாத செலவுக்கு, பில்லில் உள்ள தேதி. பயணத்துக்கு, முன்கூட்டியே வாங்கிய டிக்கெட்டையும் சேர்த்து, பயணம் முடிந்த நாளிலிருந்து கெடு. ஏப்ரல் 1-க்கு முன் கிளம்பிய பயணம் முழுவதும் பழைய விதியிலேயே போகட்டும். நடுவில் வெட்ட வேண்டாம். இதற்குத் துணையாக ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்: பழைய விதியின்கீழ் வரும் கணக்குகளைக் கடைசியாக எந்த நாள்வரை ஏற்போம் என்பது. அதை எழுதாவிட்டால் அடுத்த ஆண்டும் யாராவது ஒருவர் “இது பழைய விதி” என்று மார்ச் மாத பில்லோடு வந்து நிற்பார்.

சுற்றறிக்கையில் இதை எழுதுவதற்கு நாலைந்து வரி போதும்:

“ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் தேதியிட்ட, பயணம் அல்லாத பில்களுக்கும், அன்றோ அதற்குப் பின்போ தொடங்கும் பயணங்களுக்கும் இந்த விதி பொருந்தும். மற்ற செலவுகளுக்கு பில் தேதியிலிருந்தும், பயணச் செலவு முழுவதற்கும் பயணம் முடிந்த நாளிலிருந்தும் 30 நாட்கள் கணக்கிடப்படும். ஏப்ரல் 1-க்கு முன் தேதியிட்ட, பயணம் அல்லாத பில்களும் அதற்கு முன் தொடங்கிய பயணங்களும் பழைய விதிப்படியே ஏற்கப்படும். அவற்றைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் மே 15.”

இனி ஏப்ரலில் தொடங்கும் பயணத்துக்காக மார்ச்சில் வாங்கிய டிக்கெட் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பில் தேதி பழையது, பயணம் புதியது. “பயணச் செலவு முழுவதற்கும்” என்ற சொற்கள் அதற்காகத்தான். அந்த டிக்கெட் பயணத்தோடு ஒட்டிக்கொண்டு புது விதிக்குள் வந்துவிடும்; யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது விதிவிலக்கு. “தவிர்க்க முடியாத சூழ்நிலைகளில் விலக்கு அளிக்கப்படும்” என்று எழுதிவிட்டால் விதியே இல்லை என்று எழுதியதற்குச் சமம். எல்லோருடைய சூழ்நிலையும் அவரவருக்குத் தவிர்க்க முடியாததுதான். எந்தச் சூழ்நிலை, யார் அனுமதிப்பார், எந்தக் காகிதம் வேண்டும் ஆகிய மூன்றும் வேண்டும். உதாரணமாக, மருத்துவ விடுப்பில் இருந்தவருக்கு வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து கெடு தொடங்கும் என்று எழுதிவிடலாம். இதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. விடுதியே பில்லைத் தாமதமாக அனுப்பினால், அந்த பில் வந்த மின்னஞ்சலின் தேதி போதும். இவற்றில் அடங்காததற்குத் துறைத் தலைவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். துறைத் தலைவருடைய சொந்தச் செலவுக்கு அவருக்கு மேலுள்ளவர் அனுமதி தர வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பல சுற்றறிக்கைகள் கூச்சப்பட்டு விட்டுவிடுகின்றன. தணிக்கையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பில் தொலைந்துபோவது வேறு கதை. அதைக் காலக்கெடு விலக்கோடு சேர்க்கக் கூடாது. முதலில் விடுதியிடமோ விமான நிறுவனத்திடமோ நகல் கேட்க வேண்டும், பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு என்று கையெழுத்திட்ட உறுதிமொழி, அதற்கும் ஒரு தொகை வரம்பு. கார்டு தேய்த்தபோது வரும் துண்டுச் சீட்டை பில் என்று இணைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது பணம் போனதைக் காட்டுமே தவிர, எதற்குப் போனது என்பதைக் காட்டாது.

எப்படிக் கடைப்பிடிப்பது என்ற பகுதியில் நான் முதலில் எழுதச் சொல்வது, பில் வாங்கிய அன்றே புகைப்படம் எடுங்கள் என்பதைத்தான். வெப்பத்தாளில் அச்சான பில் வெயில்பட்ட காரிலோ பிளாஸ்டிக் உறையிலோ கிடந்தால் மங்கிவிடும். எழுத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டினாலும் அந்த இடம் வெளுத்துப்போகும்; பத்திரமாக ஒட்டிக் கொடுத்தவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். படத்தில் கடையின் பெயர், தேதி, மொத்தத் தொகை மூன்றும் தெரிய வேண்டும். மீதி வழக்கமானதுதான்: எந்தப் படிவம், எங்கே பதிவேற்றுவது, சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது.

ஊழியருக்குக் கெடு வைக்கும் சுற்றறிக்கை, குறையில்லாத கணக்குக்கு எத்தனை நாளில் பணம் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். குறை இருந்தால் எத்தனை நாளில் திருப்பி அனுப்புவோம், திருத்தித் தர எத்தனை நாள் என்பதும் வேண்டும். 28-ஆம் நாள் கொடுத்த கணக்கை நாங்கள் 35-ஆம் நாள் ஒரு கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பினால், கெடு தவறியது யார்? முதல் சமர்ப்பிப்புத் தேதியே கணக்கில் கொள்ளப்படும் என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

வெளியிடுவதற்கு முன்பு, அண்மையில் பயணம் போய்வந்த ஒருவருடைய பில்களை வரைவு விதியின்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுங்கள். மென்பொருள் அமைப்பவரையும் அதே மேசைக்குக் கூப்பிடுங்கள். முதல் மாத முடிவில், திருப்பி அனுப்பிய கணக்குகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே காரணம் பல துறைகளிலிருந்து வந்திருந்தால் ஊழியர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிப் பயனில்லை. சுற்றறிக்கையின் அந்தப் பத்தியைத் திருத்தி, புது எண்ணும் தேதியும் போட்டு மீண்டும் வெளியிட வேண்டும்.