மேட்ரிக்ஸ் அமைப்பு: ஊடுபாவு என்னும் சொல்

கணிதப் பாடநூல்களில் 'மேட்ரிக்ஸ்' என்பதற்கு 'அணி' என்ற சொல் நிலைத்துவிட்டதால், ஓர் ஊழியர் இரண்டு தலைவர்களுக்குக் கட்டுப்படும், மேலாண்மையில் வரும் மேட்ரிக்ஸ் அமைப்பையும் 'அணி அமைப்பு' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அலுவலகத்தில் அணி என்றால் ஒரு வேலைக்காகச் சேர்ந்த குழு என்றே பொருள்படும் என்பதால், அந்தப் பெயர் அமைப்பின் உட்பொருளை மறைத்துவிடுகிறது.

மூலச்சொல் இலத்தீன் மொழியது. தாயைக் குறிக்கும் 'மாத்தெர்' என்பதிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் கருப்பை என்ற பொருளும் உண்டு. அணிக்கோவைகள் தோன்றும் இடம் என்ற கருத்தில் 1850இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். நிரையும் நிரலும் வெட்டிக்கொள்ளும் அந்தக் கட்டத்தின் தோற்றமே 1960களில் அமெரிக்க வானூர்தி, விண்வெளி நிறுவனங்களின் வழியாக மேலாண்மைக்கு வந்தது. எந்த இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன என்று அறிய, அதற்கு முந்தைய இரு அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது துறைவழி அமைப்பு. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு எனச் செய்யும் தொழிலை வைத்து ஆட்கள் பிரிக்கப்படுவார்கள். துறை என்பது முதலில் நீரில் இறங்கும் இடம். படித்துறையில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. ஒரே இடத்தில் இறங்கி ஆழம் காண்பவரை வளர்ப்பதுதான் இவ்வமைப்பின் பலம் என்பதால், பெயர் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டாவது பிரிவுவழி அமைப்பு. இதில் பொருளையோ நிலப்பகுதியையோ வைத்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி உற்பத்தி, தனி விற்பனை, தனி லாப நட்டக் கணக்கு கொடுக்கப்படும். 'விற்பனைப் பிரிவு' என்று நாம் வழக்கமாக எழுதுவது உண்மையில் துறையையே குறிக்கிறது. இந்தக் குழப்பத்தை விலக்கினால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிறுவனங்கள் ஏன் மாறுகின்றன என்பதற்கு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நல்ல சான்று. வெடிமருந்து தயாரித்த காலத்தில் அந்த நிறுவனத்துக்குத் துறைவழி அமைப்பே போதுமானதாக இருந்தது. முதல் உலகப் போரையொட்டிச் சாயம், வண்ணப்பூச்சு, செயற்கைத் தோல் என அது விரிந்தபோது, டன் கணக்கில் பெருநிறுவனங்களுக்கு விற்றுப் பழகிய அதே விற்பனைத் துறை, டப்பாக்களில் அடைத்த வண்ணப்பூச்சையும் விற்க வேண்டியதாயிற்று. வண்ணப்பூச்சில் நட்டம் வந்தபோது, தவறு விலையிலா, தயாரிப்பிலா, விற்பனையிலா என்று கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு தலைமைக்குக் கீழே எவரிடமும் இல்லை. எனவே 1921இல் அந்த நிறுவனம் பொருள்வாரிப் பிரிவுகளாக மாற்றியமைக்கப்பட்டது. வளரும் நிறுவனம் ஒன்று இந்தக் கட்டத்தை எட்டிவிட்டதா என்பதை அறியவும் அந்தக் கேள்வியே போதும்: ஒரு பொருளின் நட்டத்துக்கு யார் பதில் சொல்வார்? முதலாளி ஒருவர்தான் என்றால் பிரிவுகளாக மாறும் காலம் வந்துவிட்டது. பிரிவுவழி அமைப்புக்குக் கொடுக்கும் விலை இரட்டிப்புச் செலவு. ஒரே தேர்ந்த பொறியாளரை இரண்டு பிரிவுகள் பகிர முடியாமல், ஆளுக்கு ஒருவரை அமர்த்தும்.

அந்தச் செலவை ஏற்க மனமில்லாதபோதுதான் மேட்ரிக்ஸ் வருகிறது. இதில் பொறியாளர் துறைத்தலைவருக்கும் பொருளின் பொறுப்பாளருக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டவர். நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. துறைகள் பாவாகவும் பொருள்கள் ஊடாகவும் ஓட, இரண்டும் சந்திக்கும் முடிச்சில் ஊழியர் நிற்கிறார். ஆகவே 'ஊடுபாவு அமைப்பு' என்பதே என் தேர்வு. இரண்டு நூல்களும் ஒரே இறுக்கத்தில் இருந்தால்தான் துணி நேராக வரும் என்ற நிபந்தனையும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த இறுக்கம் கெடுவது பெரும்பாலும் ஆண்டு மதிப்பீட்டில்தான். ஊதிய உயர்வைத் துறைத்தலைவர் மட்டுமே முடிவு செய்தால், பொருளின் பொறுப்பாளர் ஆள் கேட்டு இரப்பவராகிவிடுவார். அந்த நிறுவனம் பெயரளவில் ஊடுபாவாக இருந்தாலும் நடப்பில் துறைவழி அமைப்பே. இருவரும் சேர்ந்து மதிப்பிட்டாலும், ஆளையும் நாளையும் பற்றிய சிறு பூசல்கள்கூட வாரந்தோறும் தலைமையின் மேசைக்கு வந்தால், எந்த முடிவு யாருடையது என்பது எழுதி வைக்கப்படவில்லை என்று பொருள்.

1988இல் ஸ்வீடனின் அசேயா நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் பிரௌன் பொவேரியும் இணைந்து உருவான ஏபிபி நிறுவனம், தொழில் வகையை ஒரு நூலாகவும் நாட்டை மற்றொரு நூலாகவும் வைத்து இவ்வமைப்பைப் பெரிய அளவில் நெய்தது. ஒரு நாட்டில் இருந்த மின்மாற்றி ஆலையின் தலைவர், அந்நாட்டுத் தலைவருக்கும் உலகளாவிய மின்மாற்றித் தொழிலின் தலைவருக்கும் பதில் சொன்னார். பத்தாண்டு சென்றபின், 1998இல், தொழில் வகை என்ற நூலையே வலுப்படுத்தி அந்த நெசவை அது தளர்த்திக்கொண்டது.