தங்கை கணவருக்குக் கொடுத்த கடன்: கட்டிய வட்டியைக் கழிக்கலாமா?

சேலத்தில் நான் வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கும் ஆட்களில் ஒருவர் ஆசிரியர். அவருடைய தங்கை கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் ஆசிரியர் நகையை வைத்து ஆண்டுக்கு 9 சதவீதத்தில் 5 லட்சம் வாங்கினார். அதில் 4 லட்சத்தை ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம், பட்டறைக்குக் கொடுத்தார். மீதி ஒரு லட்சம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

ஆண்டு முடிவில் கையில் வந்த வட்டி 48,000. வங்கிக்குக் கட்டிய வட்டி 45,000. "அப்போ 3,000-க்குத்தானே சார் வரி?" என்று கேட்டார். இல்லை.

1961 வருமான வரிச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அந்த வருமானத்தை ஈட்டுவதற்காக மட்டுமே செய்த செலவைத்தான் கழிக்க விடுகிறது. ஒரே கடன் என்றாலும் பணம் போன வழி இரண்டு. 4 லட்சத்துக்கான வட்டி 36,000 கழியும். கல்லூரிக்குப் போன லட்சத்தின் வட்டி 9,000 கழியாது. ஆக 12,000 ரூபாய் அவர் சம்பளத்தோடு சேரும். அசலைத் திருப்பிக் கட்டியதற்கு இதில் இடமே இல்லை. பட்டறைக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்திருந்தால் எதுவும் கழியாது. ஈட்ட நினைத்த வருமானமே அங்கே இல்லையே.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். வைப்புத்தொகையை அடமானம் வைத்து வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கிவிட்டு, அந்த வட்டியை வைப்புத்தொகை வட்டியில் கழிப்பார்கள். கோபிநாதன் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்தக் கடன் வைப்புத்தொகை வட்டியை ஈட்டுவதற்காக வாங்கியது அல்ல என்பதே காரணம்.

அதனால் பணம் நடந்த பாதை தெரிய வேண்டும். நகைக்கடன் கணக்கில் விழுந்த நாளே வங்கி வழியாக மாப்பிள்ளைக்குப் போயிருந்தால் கேள்வி எழாது. புரோநோட்டில் வட்டி வீதத்தை எழுதி வாங்குங்கள். 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் கொடுக்கவே கூடாது; வாங்கியவருக்குக் கடன் தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

சரி, கடன் வாங்கிப் பங்கு வாங்கினால்? 2026 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கு, ஈவுத்தொகையில் 20 சதவீதம் வரைதான் வட்டியைக் கழிக்கலாம். ஈவுத்தொகை 8,000 வந்து வட்டி 27,000 கட்டியிருந்தாலும் 1,600 மட்டுமே கழியும். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

அப்புறம் படிவம். சம்பளக்காரர்கள் பழக்கத்தில் ITR-1 எடுத்துவிடுகிறார்கள். அதில் இந்த வட்டியைக் கழிக்க இடம் கிடையாது. ஆசிரியருக்கு நாங்கள் ITR-2 போட்டோம்.