இரண்டு லூப் இருந்தாலே n² ஆகிவிடுமா?

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் இருந்தால் O(n²), மூன்று இருந்தால் O(n³). டைம் காம்ப்ளெக்சிட்டி கேள்வி வந்தால் இந்த ஒரு சூத்திரத்தை நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் தேர்வு அறைக்குப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் பல கேள்விகளுக்கு விடை சரியாகவே வந்துவிடும். பேப்பர் திருத்துகிறவனுக்கு அதுதான் தலைவலி. கடைசி வரி சரி, ஆனால் அதற்கு மேலே எழுதியிருக்கும் காரணம் தப்பு. முழு மார்க் போட மனசு வராது, சுழித்துவிடவும் முடியாது.

இந்த நிரலைப் பாருங்கள்.

```c
for (int i = 0; i < n; i++)
    for (int j = 0; j < i; j++)
        count++;
```

"வெளி லூப் n முறை, உள் லூப் n முறை, ஆகவே n × n = O(n²)" என்று எழுதுவார்கள். உள் லூப் n முறை எங்கே ஓடுகிறது? அது i வரைதான் ஓடுகிறது, i ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது. n = 5 என்று வைத்து விரல் விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும்: i = 0 ஆக இருக்கும்போது உள்ளே ஒரு தடவைகூட ஓடாது, அப்புறம் 1, 2, 3, 4. மொத்தம் 10. இருபத்தைந்து இல்லை.

ஆக, லூப்களை எண்ணிப் பெருக்குவது வேலைக்கு ஆகாது. ஆக உள்ளே இருக்கும் வரி, இங்கே `count++`, மொத்தம் எத்தனை முறை ஓடுகிறது என்று கூட்ட வேண்டும். வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே எத்தனை என்று எழுதி, அவற்றைக் கூட்டினால் 0 + 1 + 2 + … + (n−1), அதாவது n(n−1)/2. பெருக்கல் என்பது இந்தக் கூட்டலின் ஒரு சிறப்பு நிலை மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே அதே எண்ணிக்கைதான் ஓடுகிறது என்றால் மட்டும் பெருக்கலாம்.

இதற்குப் பிறகுதான் பிக் ஓ வருகிறது. f(n) என்பது O(g(n)) என்றால், ஏதோ ஒரு மாறிலி c, ஏதோ ஒரு தொடக்கப் புள்ளி n₀ இரண்டும் கிடைக்க வேண்டும், n₀-லிருந்து மேலே எல்லா n-க்கும் f(n) ≤ c·g(n) ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் எண்ணிக்கையில் n(n−1)/2 ≤ n²/2, இது n ≥ 1 எல்லாவற்றுக்கும் உண்மை. c = 1/2, n₀ = 1. முடிந்தது. "2-ஐ விட்டுவிடலாம், −n-ஐயும் விட்டுவிடலாம்" என்று வெறுமனே எழுதுவதற்கும் இந்த ஒரு வரிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. எதையும் சும்மா விட்டுவிடவில்லை: ½ என்பது c-க்குள் போய்விட்டது, −n/2 என்பது எண்ணிக்கையைக் குறைக்கத்தான் செய்கிறது என்பதால் மேல் எல்லைக்கு அது தடையே இல்லை. கடைசி விடையாக O(n²/2) என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. அதைத் தப்பு என்று சொல்ல முடியாதுதான், ஆனால் c எதற்காக இருக்கிறது என்று புரியவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, அந்தச் சூத்திரம் உண்மையிலேயே கவிழும் இடத்துக்கு வருவோம். மேலே உள்ள நிரலில் வெளி லூப்பை மட்டும் மாற்றுகிறேன்.

```c
for (int i = 1; i < n; i = i * 2)
    for (int j = 0; j < i; j++)
        count++;
```

i ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது, அதனால் வெளி லூப் சுமார் log₂ n சுற்று ஓடும், இது எல்லோருக்கும் தெரியும். உள் லூப் அதிகபட்சம் n. ஆகவே O(n log n). நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள், பார்க்க அவ்வளவு நியாயமாக இருக்கிறது.

கூட்டிப் பார்ப்போம். n = 16 என்றால் i எடுக்கும் மதிப்புகள் 1, 2, 4, 8. அடுத்தது 16, அது `i < n` நிபந்தனையில் நின்றுவிடும். உள் வரி ஓடுவது 1 + 2 + 4 + 8 = 15 முறை. n log n கணக்குப்படி 16 × 4 = 64 வந்திருக்க வேண்டும். இன்னும் பெரிதாகப் போகலாம்: n = 1000 என்றால் i = 1, 2, 4, … 512. பத்துச் சுற்று, கூட்டினால் 1023. n log n சொல்வதோ கிட்டத்தட்ட 10,000.

ஏன் இப்படி? கடைசிச் சுற்றில்தான் பாதி வேலை நடக்கிறது. 512 ஒரே சுற்றில் போய்விடுகிறது, அதற்கு முந்தைய ஒன்பது சுற்றையும் சேர்த்தாலே 511தான். "அதிகபட்சம் n" என்ற மதிப்பீடு கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும், அதைப் போய் 1, 2, 4 என்று நடக்கும் சின்னச் சின்னச் சுற்றுகளுக்கும் சேர்த்துப் பெருக்கினால் கணக்கு வீங்கத்தானே செய்யும்.

இதற்கு விடைத்தாளில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்:

> உள் வரி `count++` ஓடும் எண்ணிக்கையை T(n) என்போம், n ≥ 2. வெளி லூப்பில் i = 1, 2, 4, …, 2ᵏ, இதில் 2ᵏ என்பது n-ஐவிடச் சிறிய 2-இன் அடுக்குகளில் பெரியது. i-யின் ஒவ்வொரு மதிப்புக்கும் உள் லூப் சரியாக i முறை ஓடும். ஆகவே T(n) = 1 + 2 + 4 + … + 2ᵏ = 2ᵏ⁺¹ − 1. 2ᵏ < n என்பதால் T(n) < 2n. வெளி லூப்பின் சொந்தச் செலவு k + 1 சுற்று, அதுவும் n-ஐத் தாண்டாது. எனவே மொத்தம் 3n-க்குள், O(n).

ஆறேழு வரி. வெளி லூப்பின் செலவைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது பாருங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இங்கே அது சிறியது, விடையை மாற்றாது. ஆனால் உள் லூப் பெரும்பாலும் ஓடாமலே போகும் நிரல் வந்தால் வெளி லூப்பின் செலவுதான் விடையே. உள்ளே இருக்கும் வரியை மட்டும் எண்ணிவிட்டுச் சுழியம் என்று எழுதக்கூடாது இல்லையா.

இந்த இடத்தில் ஒரு மாணவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். "சார், O என்பது மேல் எல்லைதானே? 15 என்பது 64-ஐவிடச் சிறியதுதானே? அப்போது O(n log n) எப்படித் தப்பாகும்?" நியாயமான கேள்வி, அவர் சொன்னது சரியும்கூட. வரையறைப்படி இந்த நிரல் O(n log n) ஆகவும் இருக்கிறது, O(n²) ஆகவும் இருக்கிறது, ஏன் O(2ⁿ) ஆகவும்தான் இருக்கிறது. ஆனால் தேர்வில் கேட்பது முடிந்தவரை நெருக்கமான எல்லையை. ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் ஒரு மாதத்துக்குள் போய்விடலாம் என்று சொல்வது பொய்யில்லை, யாருக்கும் உதவாது.

இந்தக் குழப்பம் பழையது. O குறியீட்டை 1894-இல் பால் பாக்மன் எண் கோட்பாட்டில் கொண்டுவந்தார், எட்மண்ட் லாண்டாவ் அதைப் பரப்பினார். கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு மேல் எல்லை, கீழ் எல்லை, சரியான அளவு என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டார்கள். 1976-இல் டொனால்ட் கனூத் ஒரு சிறு கட்டுரை எழுதி, மேல் எல்லைக்கு O, கீழ் எல்லைக்கு Ω, இரண்டும் ஒன்றாக அமைந்தால் Θ என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார். அந்த மாணவருக்கு நான் சொன்ன வழியும் இதுதான்: கீழ் எல்லையையும் ஒரு வரியில் காட்டிவிடுங்கள். நம் நிரலில் அடுத்த அடுக்கான 2ᵏ⁺¹ என்பது n-ஐத் தொட்டிருக்கும் அல்லது தாண்டியிருக்கும், அதனால்தானே லூப் நின்றது. ஆகவே T(n) = 2ᵏ⁺¹ − 1 ≥ n − 1. மேலே 2n, கீழே n − 1, Θ(n). இதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

இரட்டிப்பை வெளியிலிருந்து எடுத்து உள்ளே போட்டால், அதாவது வெளியே `i++`, உள்ளே `j = 1`-இல் தொடங்கி `j = j * 2` என்று `n` வரை போனால், விடை உண்மையிலேயே O(n log n) ஆகிவிடும். இங்கே உள் லூப் i-ஐக் கண்டுகொள்வதே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் அதே log n. ஆகவே பெருக்கலாம். உள் லூப்பின் தலைப்பில் i வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் பெருக்குவதா கூட்டுவதா என்பது பாதி முடிவாகிவிடும்.

பாதிதான். ஏனென்றால் இப்படியும் ஒன்று வரும்:

```c
int j = 0;
for (int i = 0; i < n; i++)
    while (j < n && a[j] < b[i])
        j++;
```

லூப்புக்குள் லூப்தான், உள்ளே `n` வரை போகலாம்தான். ஆனால் `j = 0` எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளியே இருக்கிறது. ஒரு சுற்றில் j ஏறிய படியிலிருந்து அடுத்த சுற்றில் கீழே இறங்குவதே இல்லை, முழு ஓட்டத்திலும் சேர்த்து அது n முறைக்கு மேல் ஏற முடியாது. ஒரே சுற்றில் n முறையும் ஏறிவிட்டால் மிச்சச் சுற்றுகளில் ஏற ஒன்றுமே இருக்காது. இங்கே சுற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், j-யின் மொத்தப் பயணத்தை எண்ண வேண்டும்: `j++` அதிகபட்சம் n முறை, நிபந்தனை பொய்யாகி வெளியே வருவது சுற்றுக்கு ஒரு முறை என்று n முறை. மொத்தம் 2n சோதனை, O(n).

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கண்ணுக்கு ஒரே லூப்தான் தெரியும்:

```c
for (int i = 0; i < strlen(s); i++)
    s[i] = toupper(s[i]);
```

O(n) என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சி மொழியில் `strlen` நீளத்தை எங்கும் குறித்துவைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் முதல் எழுத்திலிருந்து `'\0'` வரை நடந்துபோய் எண்ணிவருகிறது. நிபந்தனை n + 1 முறை சோதிக்கப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் n அடி நடை, n(n+1), ஆகவே O(n²). லூப்புக்குள்ளேயே `s` மாற்றப்படுவதால் கம்பைலராலும் அந்த அழைப்பை எளிதில் வெளியே தூக்கிவைக்க முடியாது. நீளத்தைக் கூடவே சேமித்துவைக்கும் மொழியில் இதே லூப் O(n)தான். அதனால் விடை எழுதும்போது "`strlen` ஒவ்வொரு அழைப்பிலும் n படி எடுக்கும் என்று கொண்டால்" என்ற ஒரு வரியை மேலே போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.