பின்தேதி செக் வாங்கியவுடன் பாக்கியைக் கழிக்காதீர்கள்: பாஸ் ஆகும்வரை கணக்கும் சட்டக் கெடுவும்

வாடிக்கையாளர் அடுத்த மாதத் தேதி போட்டு ஒரு செக் கொடுத்ததும் "பணம் வந்தாச்சு" என்று லெட்ஜரில் வரவு வைத்துவிடும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. கணக்கில் பாக்கி பூஜ்யம் ஆகிவிடும், கடன் வரம்பு காலியாகத் தெரியும், அதே ஆளுக்கு மறுபடியும் சரக்கு போகும். செக் திரும்பி வரும் நாளில்தான் இரண்டு பில் பணமும் வெளியே நிற்பது தெரியும்.

சட்டப்படி அந்தக் காகிதம் அன்றைக்கு என்ன என்பதை முதலில் பார்ப்போம். இந்தியாவில் காசோலைகளுக்கான சட்டம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். பின்தேதியிட்ட காசோலை, அதில் எழுதியிருக்கும் தேதி வரும்வரை வெறும் மாற்றுச் சீட்டுதான், அந்தத் தேதியில்தான் காசோலையாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் அனில் குமார் சாஹ்னி வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் செக்கின் ஆயுளும் நீங்கள் வாங்கிய நாளில் தொடங்காது, செக்கில் உள்ள தேதியிலிருந்துதான் ஓடும். அந்த ஆயுள் ஆறு மாதமாக இருந்தது, ரிசர்வ் வங்கி உத்தரவால் 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம். ஆறு மாதம் என்று இன்னும் நினைத்துக்கொண்டு செக்கை மேசை டிராயரில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள்.

சரி, கணக்கில் எப்படிக் காட்டுவது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 6 தேதியிட்ட பில், தொகை 3,00,000 ரூபாய். ஜனவரி 8 அன்று வாடிக்கையாளர் தலா 1,00,000-க்கு மூன்று செக் கொடுக்கிறார், தேதிகள் பிப்ரவரி 5, மார்ச் 5, ஏப்ரல் 5. அன்றைக்கு லெட்ஜரில் எதுவும் மாறக்கூடாது, அவர் பாக்கி 3,00,000-ஆகவே இருக்கும். பக்கத்தில் ஒரு தனிப் பதிவேட்டில் மட்டும் செக் எண், வங்கி, செக் தேதி, தொகை, எந்த பில்லுக்கு என்ற விவரம், அப்புறம் நிலை: கையில், வங்கியில் போட்டது, பாஸ், திரும்பியது. பாக்கிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக "பாக்கி 3,00,000, இதில் செக் கையில் உள்ளது 3,00,000" என்று இரண்டு எண்களும் தெரிந்தால் போதும். கடன் வரம்பைப் பார்க்கும்போது முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5 செக் பாஸ் ஆனது. இப்போதுதான் பாக்கி 2,00,000, கையில் உள்ள செக்கும் 2,00,000. மார்ச் 5 செக்கை அன்றே வங்கியில் போட்டு, பாஸ் ஆகும் முன்பே அவசரப்பட்டு வரவும் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் நிதி போதவில்லை என்ற மெமோவுடன் மார்ச் 7 அன்று அது திரும்பிவிட்டது. இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போகின்றன. சிலர் பழைய வரவுப் பதிவையே அழித்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் செக் போட்டது, திரும்பியது இரண்டுக்குமே தடயம் இருக்காது, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடவும் முடியாது. வேறு சிலர் மார்ச் 7 தேதியில் அவர் பெயரில் 1,00,000 புதுப் பற்று எழுதுகிறார்கள், ஆனால் எந்த பில் என்று இணைப்பதில்லை, அதனால் 60 நாள் பழைய பாக்கி இன்று பிறந்த பாக்கி மாதிரி பட்டியலில் உட்கார்ந்துகொள்கிறது. திரும்பிய செக்கின் எதிர்ப்பதிவை ஜனவரி 6 பில்லோடுதான் கட்ட வேண்டும், வயது அந்தத் தேதியிலிருந்தே தொடர வேண்டும். வங்கி பிடித்த ரிட்டர்ன் கட்டணத்தைத் தனி வரியில் எழுதுங்கள், பில் பாக்கியோடு கலக்க வேண்டாம்.

கணக்கு மென்பொருளில் பின்தேதிப் பதிவு வசதி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தேதி வந்ததும் பதிவு தானாகவே வங்கிக் கணக்கில் ஏறிவிடக்கூடும், நீங்கள் செக்கை வங்கியில் போட மறந்திருந்தாலும்கூட. வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால்தான் இந்தப் பொய் வரவு வெளியே வரும்.

இனி சட்டக் கெடு. செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138, மெமோ கிடைத்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துபூர்வமான நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. நம் உதாரணத்தில் மார்ச் 7-ஐ விட்டுவிட்டு எண்ணினால் கடைசி நாள் ஏப்ரல் 6, அது ஞாயிற்றுக்கிழமை, அதனால் மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் அவர் கைக்கு மார்ச் 20 அன்று போய்ச் சேர்ந்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஏப்ரல் 4 வரை. அதற்குள் கட்டவில்லை என்றால் ஏப்ரல் 5 அன்று புகார் உரிமை பிறக்கிறது, அங்கிருந்து ஒரு மாதம், மே 5-க்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். அந்த 15 நாள் முடிவதற்கு முன்பே அவசரப்பட்டுப் புகார் கொடுத்தால் அது நிற்காது. புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது, நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஆகவே பதிவேட்டில் செக் தேதியைவிட முக்கியமான கட்டம் "மெமோ கிடைத்த தேதி" என்பேன், பல பதிவேடுகளில் அந்தக் கட்டமே இல்லை.

30 நாள் தவறிவிட்டால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சம் இருந்தால் மறுபடி வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். முதல் முறை நடவடிக்கை எடுக்காவிட்டாலும் அடுத்த முறை எடுக்கலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆயுளும் முடிந்துவிட்டால் இந்த செக்கை வைத்து 138 இல்லை, பாக்கிக்கான சிவில் வழக்கு மட்டுமே மிச்சம்.

மூன்றாவது செக்கில் வேறொரு சிக்கல். மார்ச் 25 அன்று வாடிக்கையாளர் 40,000 ரூபாயை வங்கிக்கு அனுப்பி, ஏப்ரல் செக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு எழுதியாயிற்று, அந்த செக்குக்கு உரிய கடன் இப்போது 60,000, ஆனால் கையில் இருப்பது 1,00,000 செக். அதை அப்படியே வங்கியில் போட்டு, திரும்பியதும் 1,00,000 கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் வழக்கு விழுந்துவிடும். 2022-இல் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: செக் கொடுத்த பிறகு ஒரு பகுதி கட்டப்பட்டிருந்தால், பிரிவு 56-இன்படி செக்கிலேயே அதைக் குறித்து மீதித் தொகைக்குத்தான் செலுத்த வேண்டும், குறிக்காமல் முழுத் தொகைக்குச் செலுத்தினால் 138 குற்றம் ஆகாது. நடைமுறையில் சுலபமான வழி, பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து 60,000-க்குப் புது செக் வாங்கிவிடுவது. பதிவேட்டிலும் பழைய எண்ணுக்கு நேராக "மாற்றப்பட்டது" என்று எழுதிப் புது எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஏப்ரல் 5 தேதியிட்ட அந்தச் செக் கையில்தான் இருக்கும். அதை ரொக்கத்திலும் காட்டக்கூடாது, வங்கி இருப்பிலும் காட்டக்கூடாது. அன்றைய பாக்கி, திரும்பிய செக்கின் 1,00,000-உம் இந்த 60,000-உம் சேர்த்து 1,60,000. ஜனவரி 6 முதல் எண்ணினால் 84 நாள் வயது. அதில் 60,000-க்கு மட்டும்தான் கையில் செக் இருக்கிறது.