ஆத்தங்குடிக் கல்லுக்கு வரி எங்கே நின்றுபோகிறது?

காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுபவர்கள் ஆத்தங்குடிக்குத் தரைக்கல் எடுக்கப் போனால், டிசைன் பார்த்து, சதுர அடிக்கு விலை பேசி முடித்ததும் ஒரு கேள்வி வரும்: “பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?” இரண்டுக்கும் விலை வேறு. வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் பில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நாட்டின் வரி வருமானம் ஏன் ஓர் அளவுக்கு மேல் ஏற மறுக்கிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பட்டறைக்காரரை ஏய்ப்பவர் என்று திட்டிவிட்டுப் போனால் அது கண்ணில் படாது. அவருடைய கணக்கை அவர் இடத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்குகிறார்கள். ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றிவிட்டு அச்சைத் தூக்குகிறார்கள். அதன் மேல் உலர்ந்த சிமெண்ட்–மணல் கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்தபின் பல நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது, பெரிய இயந்திரமும் கிடையாது. கல்லின் விலையில் பெரும்பங்கு கைவேலைக்குத்தான் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்கில் இதுதான் முக்கியமான இடம்.

ஜிஎஸ்டி என்பது மதிப்புக் கூட்டு வரி. ஒவ்வொரு வியாபாரியும் விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து, தான் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அரசுக்குச் செலுத்துகிறார். இந்தக் கழிவைத்தான் கடைத்தெருவில் ‘இன்புட்’ என்கிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். தொகைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, எளிமைக்காக எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். ஒரு பட்டறை, வரி சேர்க்காமல் 30,000 ரூபாய்க்குச் சிமெண்ட், ஆக்சைடு, கண்ணாடி வாங்குகிறது. அதற்கு வரி 5,400. அதை வைத்துச் செய்த கல்லைச் சென்னை ஷோரூம் ஒன்றுக்கு 1,00,000 ரூபாய்க்குப் பில் போட்டு விற்கிறது. வரி 18,000. இதில் 5,400 கழிந்து, பட்டறை கட்டுவது 12,600. ஷோரூம் அதையே 1,50,000-க்கு விற்றால் வரி 27,000. அதில் 18,000 கழிந்து ஷோரூம் கட்டுவது 9,000. சிமெண்ட் கட்டத்தில் வந்த 5,400, பட்டறையின் 12,600, ஷோரூமின் 9,000, மொத்தம் 27,000.

இந்த ஏற்பாட்டின் அழகு, வாங்குபவரே விற்பவரைக் காட்டிக்கொடுப்பதில் இருக்கிறது. ஷோரூமுக்கு 18,000 கழிவு வேண்டுமென்றால் பட்டறையின் பில் கட்டாயம் வேண்டும். 2022 முதல், பட்டறைக்காரர் தன் கணக்கில் அந்தப் பில்லை ஏற்றி, அது ஷோரூமுக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் GSTR-2B என்ற பில் பட்டியலில் தென்பட்டால்தான் கழிவு கிடைக்கும். அதனால் “ஏன் இன்னும் பில் ஏத்தல?” என்று துரத்துவது அதிகாரி அல்ல, வாடிக்கையாளரே.

இதே கல்லைக் காரைக்குடி வீட்டுக்காரர் வாங்கினால் என்ன ஆகும்? அவருக்கு இன்புட் என்ற பேச்சே கிடையாது. பில் கேட்டால் 1,18,000. ஜிஎஸ்டி பதிவில்லாத பட்டறை தான் கட்டிய 5,400-ஐ விலையில் ஏற்றிக்கொண்டு 1,05,400-க்குக் கொடுத்தாலும் அதே லாபம் கிடைத்துவிடும். வித்தியாசம் 12,600. அது 70,000 ரூபாய்க் கைவேலைக்கான 18 சதவீதமேதான். அரசுக்குக் கிடைப்பது சிமெண்டோடு வந்த 5,400 மட்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முறைசாராத் தொழில் ‘வரியே கட்டுவதில்லை’ என்பது சரியல்ல. வாங்கும் பொருளில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் அது சுமக்கிறது. அடுத்தது, எந்தத் தொழிலில் கூலி அதிகமோ அங்கேதான் இழப்பு அதிகம். சிமெண்ட் கடை பில் போடாமல் விற்றால் அரசு இழப்பது அந்தக் கடையின் மெல்லிய லாபத்துக்கான வரிதான், ஏனென்றால் ஆலையிலேயே பெரும்பகுதி வசூலாகிவிட்டது. கல் பட்டறை, பலகாரம் சுடும் வீடு, தையல் கடை போன்றவற்றில் மதிப்பு முழுக்க அந்த இடத்திலேயே உருவாகிறது. அதை வேறு யாருடைய கணக்கும் சாட்சி சொல்லாது.

சிலி நாட்டில் டீனா பொமெரான்ஸ் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. வரித்துறை, குலுக்கல் முறையில் தேர்ந்த நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வியாபாரிக்கு வியாபாரி நடந்த விற்பனையில் அந்தக் கடிதம் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அங்கே காகிதத் தடம் ஏற்கெனவே காவல் இருந்தது. கடைசி வாடிக்கையாளருக்கு நடந்த விற்பனையில்தான் கணக்கில் வந்த தொகை கூடியது. சங்கிலி அறுவது அந்த முனையில்தான்.

ஒரு தொழிலில் கணக்குப் புத்தகம் எப்போது பிறக்கிறது என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன நகரத்தார் வீடுகளில் பேரேடும் ஐந்தொகையும் அவ்வளவு ஒழுங்காக இருந்தது வரித்துறைக்குப் பயந்து அல்ல. முதலாளி செட்டிநாட்டில், பணம் ரங்கூனில், அதைக் கையாண்டவர் மூன்று வருடத் தவணைக்குப் போன ஏஜெண்ட். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் பணம் புரளும்போது உண்மைக் கணக்கு இல்லாமல் தொழில் நடக்காது. அப்படி ஒரு கணக்கு இருந்துவிட்டால், அதைப் பலர் பார்த்திருப்பார்கள், ஒருவர் வாய் திறந்தாலும் வெளியே வந்துவிடும். பெரிய நிறுவனங்களிடம் வரி வசூலிப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கணவனும் மனைவியும் இரண்டு ஆளும் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தத் தேவை இல்லை. கணக்கு முதலாளியின் தலைக்குள் இருக்கிறது. அதிகாரி போய் நின்றால் பார்ப்பதற்கு அடுக்கிவைத்த கல்தான் இருக்கும்.

இப்படி ஆயிரக்கணக்கான பட்டறைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போனால் வசூலைவிடச் செலவு கூடிவிடும். அதனால்தான் சட்டமே ஒரு கோடு போடுகிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை (வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு). கோடு நியாயமானது, ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றுவிடும். 39 லட்சத்தில் இருப்பவர் 41 லட்சத்துக்கு வளர்ந்து பதிவுக்குள் வந்துவிட்டால், நம் கணக்குப்படி அடுத்தடுத்த ஆண்டுகளில் வரி மட்டும் 5 லட்சம் தாண்டும். வாங்குவோர் எல்லாம் வீட்டுக்காரர்கள் என்றால் அந்த விலையேற்றம் விற்காது. ஆகவே வியாபாரம் மனைவி பேரில் பாதி, தம்பி பேரில் பாதி எனப் பிரிகிறது. பான் எண் வேறு என்றால் வரம்பும் வேறு. வளர வேண்டிய பட்டறை வளராமல் நிற்பதைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். வரி இழப்பு அதற்கு அடுத்தபடிதான்.

கோட்டைத் தாண்டியதும் வரும் இந்தத் திடீர் ஏற்றத்தைத் தணிக்கத்தான் காம்போசிஷன் திட்டம். 1.5 கோடி வரை விற்கும் உற்பத்தியாளர் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். 41 லட்சத்துக்கு 41,000 ரூபாய். ஆனால் அவர் வரி போட்ட பில் தர முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. சென்னை ஷோரூமுக்கு அவரிடமிருந்து இன்புட் வராது, அதனால் பதிவுள்ள இன்னொரு பட்டறைக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் பில் உள்ளவர் பில் உள்ளவரோடும், இல்லாதவர் இல்லாதவரோடும் மட்டும் வியாபாரம் செய்யும் இரண்டு உலகங்கள் உருவாகின்றன. பழைய செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக்குபவர் பில் கேட்டு இந்தச் சுவரை உடைப்பார் என்று தோன்றும். ஆனால் சொந்தக் கட்டடத்தோடு சேர்ந்துவிடும் பொருளுக்கு இன்புட் கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டம் அந்த வாசலை அடைத்துவைத்திருக்கிறது. கல் வாங்கும் விஷயத்தில் விடுதிக்காரரும் வீட்டுக்காரரைப் போலத்தான்.

சரி, அரசுகள் வேறு என்ன செய்கின்றன? ஒரு வழி, சரக்கு நகரும்போது பிடிப்பது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், எல்லை தாண்டினால் பொதுவாக 50,000-க்கு மேற்பட்டதற்கும் இ-வே பில் வேண்டும். கல் கனமான சரக்கு, லாரியில்தான் போக வேண்டும், ஆகவே இது கொஞ்சம் பலிக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு வேண்டிய கல்லை இரண்டு டாடா ஏஸ்-இல் பிரித்து ஏற்றிவிட்டால் இந்த வலையில் சிக்காது.

இன்னொன்று, வீட்டுக்காரரையே பில் கேட்க வைப்பது. பிரேசிலின் சாவ் பாலோ மாநிலம், கடைசி வாடிக்கையாளர் தன் வரி எண்ணைச் சொல்லிப் பில் வாங்கினால் வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தது, மாதக் குலுக்கலும் நடத்தியது. நான்கு ஆண்டுகளில் சில்லறைக் கடைகள் கணக்கில் காட்டிய விற்பனை 21 சதவீதமாவது கூடியது என்று ஜோவானா நரிடோமியின் ஆய்வு கண்டது. இங்கே 2023 செப்டம்பரில் ‘மேரா பில் மேரா அதிகார்’ என்ற குலுக்கலைச் சில மாநிலங்களிலும் புதுச்சேரி உள்ளிட்ட யூனியன் பிரதேசங்களிலும் சோதித்தார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. தினமும் பல பில் வாங்கும் மளிகைக்கு இது பொருந்தும். ஆயுளில் ஒரு முறை வாங்கும் தரைக்கல்லுக்குக் குலுக்கல் ஆசை 12,600 ரூபாயை வெல்லாது.

மூன்றாவது, யுபிஐ. பணம் வந்த தடம் வங்கியில் இருக்கிறது. வருமான வரியில் உத்தேச லாபக் கணக்கு காட்டும் சிறு வியாபாரிக்கு, ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்றும், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் என்றும் கொள்கிறார்கள். இந்தத் தள்ளுபடி நல்ல வடிவமைப்பு, ஏனென்றால் தடம் விட்டவருக்கு அது பரிசு தருகிறது. நேர்மாறானது 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது. யுபிஐ வரவை வைத்து 40 லட்சம் தாண்டியதாகச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனது. அதில் வரி விலக்குள்ள காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். பெங்களூருவில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தன.

வரவு தெரிந்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. ஈக்வடாரில், காட்டிய வருமானம் பிறர் தந்த தகவலோடு பொருந்தவில்லை என்று வரித்துறை நிறுவனங்களுக்குத் தெரிவித்தபோது, அவை வருமானத்தைக் கூட்டிக் காட்டின. கூடவே செலவையும் கூட்டிக் காட்டின. வருமானம் 1 டாலர் கூடினால் செலவு 96 சென்ட் கூடியது. இங்கே அதற்கு இணை, சரக்கே நகராமல் பில் மட்டும் விற்கும் கும்பல்கள். கல் பட்டறைக்காரரைப் பதிவுக்குள் இழுத்துவிட்டால், கூலிக்கு இன்புட் கிடையாது என்பதால், அந்த 12,600-ஐக் குறைக்க யாராவது ஓர் ஆக்சைடு பில்லை நீட்டுவார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கணினி மட்டும் போதாது. இத்தனை கல்லுக்கு இத்தனை ஆக்சைடு ஆகுமா என்று சொல்ல, பட்டறையில் அச்சைத் தூக்கிப் பார்த்த ஒருவர் வரித்துறையில் இருக்க வேண்டும்.